பில்லில் தொலையும் ஒரு புள்ளி

கடைக் கணக்கு எழுதுகிறவர்களும் ஆபீசில் பயணச் செலவுக்குக் கணக்குக் கொடுக்கிறவர்களும் இப்போது பில்லைப் போனில் படம் பிடித்துச் செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். பொருளின் பெயர், விலை, மொத்தம் எல்லாம் எழுத்தாக மாறி வந்துவிடுகின்றன. இதைச் செய்யும் மென்பொருளை ஓசிஆர் என்பார்கள். எழுத்துணரி என்றும் சொல்கிறோம். பெரும்பாலும் சரியாகவே படிக்கும். தவறும்போது மட்டும் கண்டபடி தவறுவதில்லை. திரும்பத் திரும்பச் சில இடங்களில்தான் சறுக்குகிறது. ஒரு மளிகை பில்லை வைத்து அந்த இடங்களைப் பார்க்கலாம்.

```
TOOR DAL      0.500  168.00   84.00
GINGELLY OIL  1      386.00  386.00
IDLI RICE     5       56.00  280.00
TOTAL                        750.00
```

அரைக் கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய், ஐந்து கிலோ இட்லி அரிசி. நம் கண்ணுக்கு இது பில். கணினிக்கு இது வெறும் எண்களின் கட்டம். படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கும். 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. எங்கே எழுத்து இருக்கிறது, எங்கே தாள் இருக்கிறது என்பதே அதற்கு இன்னும் தெரியாது.

அந்த எழுத்து எவ்வளவு சிறியது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கடைகளில் உள்ள தெர்மல் பிரிண்டர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கு 8 பொட்டுகள் வீதம் அச்சடிக்கிறது. 84.00 என்பதில் உள்ள தசமப்புள்ளி இரண்டு பொட்டு அகலம் என்று கொண்டால் அது கால் மில்லிமீட்டர்தான். ஓர் அடி நீளமுள்ள சூப்பர் மார்க்கெட் பில்லை ஒரே படத்தில் அடக்குகிறோம். படத்தின் நீளப் பக்கத்தில் 4000 பிக்சல்கள் என்றால் அந்தப் புள்ளிக்கு மூன்று பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதே படத்தை அரட்டைச் செயலி வழியாக அனுப்பும்போது அது 1600 பிக்சலாகச் சுருங்கினால் புள்ளிக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒரே ஒரு பிக்சல். நீண்ட பில்லை இரண்டு மூன்று துண்டாகக் கிட்டத்தில் படம் எடுப்பதால் கிடைக்கிற லாபம் இதுதான்.

அடுத்த வேலை, சாய்ந்த படத்தை நிமிர்த்திவிட்டு, சாம்பல் நிறங்களை முழுக்கருப்பு, முழுவெள்ளை என இரண்டாகப் பிரிப்பது. ஓர் அளவை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ளதெல்லாம் எழுத்து, மேலே உள்ளதெல்லாம் தாள் என்று முடிவு செய்கிறார்கள். படம் முழுவதற்கும் ஒரே அளவை வைத்தால் நம் கையின் நிழல் விழுந்த மூலை அப்படியே கருப்பாகிவிடும். வெளிறிய பில்லில் நேர்மாறாக, எழுத்தே தாளோடு தாளாகக் கரைந்துவிடும். தெர்மல் தாளில் மை கிடையாது. சூட்டில் நிறம் மாறும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கிப்போகும். ஆறு மாதம் பர்சில் கிடந்த பில்லைப் படிக்கச் சொல்லி மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பில் வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துவிட வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே தாளில் உள்ள தூசி, கசங்கல் போன்ற சிறு கரும்புள்ளிகளையும் துடைப்பதுண்டு. ஒரு பிக்சலாகச் சுருங்கிய தசமப்புள்ளிக்கும் தூசிக்கும் அப்போது வித்தியாசம் இல்லை. தமிழில் அச்சான பில்லில் மெய்யெழுத்தின் புள்ளியும் இப்படித்தான் போகிறது. பருப்பு என்பது ‘பருபபு’ என்று வரும். அதைப் பார்க்கிற யாருக்கும் எழுத்து விடுபட்டது தெரிந்துவிடும். 84.00 என்பது 8400 ஆனால் தெரியாது. 8400-உம் ஒழுங்கான ஓர் எண்தானே.

பிறகுதான் எழுத்தை அடையாளம் காண்பது வருகிறது. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் 1980-களில் தொடங்கி, 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் முன்பு ஒவ்வோர் எழுத்தாக வெட்டி, வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. 2018-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு முழு வரியையும் இடமிருந்து வலமாக மெல்லிய கீற்றுகளாகப் படிக்கிறது. ஒவ்வொரு கீற்றிலும் ‘இது இன்ன எழுத்தாக இருக்கலாம்’ என்று ஓர் ஊகம். ஒரே எழுத்து பல கீற்றுகளில் பரவியிருக்கும் என்பதால், அடுத்தடுத்து வரும் ஒரே ஊகங்களை ஒன்றாகச் சுருக்குகிறது. 00 போல உண்மையிலேயே இரண்டு எழுத்து இருந்தால் நடுவில் ஒரு வெற்றிடத்தை அது உணர வேண்டும். எழுத்துகள் மங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்த வெற்றிடம் தவறிப்போய் ஒரு சுழியம் குறையலாம்.

இந்த முறைக்கு அக்கம்பக்கத்து எழுத்துகள் பெரிய துணை. G1NGELLY என்று ஊகம் வந்தாலும், சுற்றியுள்ள எழுத்துகளைக் கொண்டு அந்த 1 என்பது I ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் திருந்திவிடும். எண்ணுக்கு அப்படித் துணை கிடையாது. 386-இல் எட்டின் இடப்பக்கம் மங்கியிருந்தால் அது 336 ஆகும். பக்கத்து இலக்கங்கள் எதுவும் அதை மறுக்காது. பில்லில் நமக்கு வேண்டியதே எண்கள்தான். அங்கேதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பலம் குறைவு.

இன்னொரு சறுக்கல் எழுத்தைப் பற்றியதே அல்ல. பொருளின் பெயருக்கும் தொகைக்கும் நடுவே நிறைய வெற்றிடம் இருப்பதால், இது செய்தித்தாள் போலப் பத்தி பிரித்த பக்கம் என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். முதலில் பெயர்கள் முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் தொகைகளை வரிசையாகக் கொட்டும். எந்தத் தொகை எந்தப் பொருளுக்கு என்பது போய்விடும். டெசராக்டில் பக்கம் முழுவதையும் ஒரே தொகுதியாக, வரி வரியாகப் படிக்கச் சொல்லலாம்:

```
tesseract bill.png bill -l eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` ஒவ்வொரு சொல்லுக்கும் 100-க்கு எத்தனை நம்பிக்கை என்று மதிப்பெண்ணும் போட்டுத்தரும். அது உதவிதான், உத்தரவாதம் இல்லை. புள்ளி சுத்தமாகத் துடைக்கப்பட்ட 8400, பளிச்சென்ற நான்கு இலக்கங்களாகத் தெரிவதால் உயர்ந்த மதிப்பெண்ணே வாங்கக்கூடும்.

நம் பில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
TOOR DAL      0.500  168.00    8400
GINGELLY OIL  1      336.00  386.00
IDLI RICE     5       56.00  280.00
TOTAL                        750.00
```

எண்ணுக்கு அகராதி இல்லை; கணக்கு உண்டு. பருப்பு வரியில் 0.500-ஐ 168-ஆல் பெருக்கினால் 84. ஆகவே 8400 என்பது புள்ளி தொலைந்த 84.00. எண்ணெய் வரியில் விலை 336, தொகை 386. ஒன்று தவறு, எது என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 84, 386, 280 மூன்றையும் கூட்டினால் 750 சரியாக வருகிறது. ஆக, தவறு விலையில் இருக்கிறது. நல்ல பில் செயலிகள் படித்து முடித்தபின் இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் செய்து பார்க்கின்றன. செய்யாத செயலி என்றால் மொத்தத்தை மட்டுமாவது நாமே கூட்டிப் பார்க்க வேண்டும். தள்ளுபடி, வரி, ரூபாய் சரிக்கட்டல் வரிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துத்தான்.

பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணுக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. 15 எழுத்துகளில் எந்த இடத்தில் இலக்கம், எந்த இடத்தில் எழுத்து என்பது பெரும்பாலும் முன்பே முடிவானது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. கடைசி எழுத்து, முந்தைய 14-லிருந்து கணக்கிட்டு வருவது. O-வா 0-வா, S-ஆ 5-ஆ என்ற குழப்பம் பெரும்பாலும் இதில் தீர்ந்துவிடும்.

தேதிக்கும் பில் எண்ணுக்கும் இந்த வசதி எதுவும் கிடையாது. 03/08 என்பது 08/08 ஆக வந்தாலும் ஒழுங்கான தேதிதான். பில்லில் வேறெந்த எண்ணும் அதோடு முரண்படாது. செலவுக் கணக்கில் ஏற்றும்முன், கையில் உள்ள தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.