எழுபது இடத்துக்குள் ஒரு மரியாதை

“அன்பார்ந்த வாடிக்கையாளரே,” என்று தொடங்கி “செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று முடியும் இன்சூரன்ஸ் குறுஞ்செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். கடுதாசியில் இந்த மரியாதைக்குக் குறையில்லை. எஸ்.எம்.எஸ்.ஸில் இது கட்டுப்படியாகாது.

ஒரு எஸ்.எம்.எஸ். சுமக்கக்கூடியது 140 பைட். ஆங்கிலமாக இருந்தால் அதில் 160 எழுத்து போகும். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்துவிட்டாலே செய்தி முழுக்க யூனிகோடுக்கு மாறி, 70 இடம்தான் கிடைக்கும். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்தல்ல. புள்ளிக்கு ஒரு இடம், கால், கொம்பு, சுழிக்கெல்லாம் தனித்தனி இடம். ‘கட்டிடுங்க’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, இயந்திரத்துக்குப் பத்து. மேலே சொன்ன தொடக்கத்துக்கு 25, முடிவுக்கு 31 போய்விடும். மிச்சமிருக்கும் 14 இடத்தில் பாலிசி எண்ணையும் தொகையையும் தேதியையும் எப்படி அடைப்பது? எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடையும். நிறுவனத்துக்கு இரண்டு செய்திக்கான கட்டணம் விழும். லட்சக்கணக்கில் அனுப்பும் இடத்தில் அது சின்னச் செலவல்ல.

சரி, நேரில் ஏஜென்ட் எப்படிச் சொல்வார்? “கட்டிடுங்க” என்பார். எழுதுகிறவர்கள் பேச்சுத்தமிழுக்குத் தயங்குவது மரியாதை குறைந்துவிடுமோ என்ற பயத்தால்தான். ஆனால் மரியாதை அந்த ‘ங்க’விலேயே இருக்கிறது. ‘கட்டவும்’ என்பதற்கும் எட்டு இடம், ‘கட்டுங்க’ என்பதற்கும் எட்டு இடம். முன்னது நோட்டீஸ் பலகை, பின்னது மனிதர் பேசுவது. இன்னும் இரண்டு இடம் கொடுத்து ‘கட்டிடுங்க’ என்றால் அதட்டலும் இருக்காது. ‘கட்டிருங்க’, ‘கட்டிடுங்கோ’ என்று ஒரு வட்டாரத்துக்குள் போய்விட வேண்டாம். சென்னைக்காரரும் நெல்லைக்காரரும் தடுக்காமல் வாசிக்க வேண்டும்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“வணக்கம். பாலிசி 4471 பிரீமியம் ரூ.2450. மார்ச் 12க்குள் கட்டிடுங்க.”

எண்ணினால் 67. பாலிசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணைப் போட்டால் இடமும் போகும், கைபேசியை எட்டிப் பார்ப்பவருக்கும் தெரிந்துபோகும். பார்க்க அம்சமாக இருக்கும் இந்தச் செய்தி செப்டம்பரில் காலை வாரும். ‘மார்ச்’ ஆறு இடம், ‘செப்டம்பர்’ பத்து. மொத்தம் 71 ஆகி, ஒரே ஒரு இடத்துக்காகச் செய்தி இரண்டாகும். மார்ச்சில் சோதித்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று விட்டவருக்கு இது பில் வரும்போதுதான் தெரியும். மாதப் பெயரை எடுத்துவிட்டு ‘12/09க்குள்’ என்று போட்டால் 63தான். தொகை ஆறு இலக்கமானாலும் 65 தாண்டாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ட்ராய் விதிப்படி, நிறுவனங்கள் அனுப்பும் செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். மாறும் இடங்களை மட்டும் இப்படிக் காலியாக விடலாம்:

```
வணக்கம். பாலிசி ____ பிரீமியம் ரூ.____. ____க்குள் கட்டிடுங்க.
```

பதிவான வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தி தடுக்கப்பட்டுவிடும். ஆகவே ‘கட்டிடுங்க’வா ‘கட்டுங்க’வா என்ற வாக்குவாதத்தைப் பதிவுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் பெயரைச் செய்திக்குள் வைக்க வேண்டுமா? வணக்கத்தை எடுத்துவிடுங்கள். புள்ளியும் இடைவெளியும் சேர்த்து ஒன்பது இடம் மிச்சம். ‘ங்க’ இருக்கும்வரை மரியாதைக்கு எந்தக் குறையும் வராது. பணம் கட்டும் லிங்க்கைச் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முன்பே பதிவு செய்யாத லிங்க் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து செய்தியே போகாது. பதிவு செய்திருந்தாலும், மோசடிச் செய்திகளைப் பார்த்துச் சலித்தவர் அதைத் தொடத் தயங்குவார்.

நாள் தாண்டிய பிறகு போகும் செய்தியில்தான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. “உடனே கட்டாவிட்டால் பாலிசி ரத்து” என்று மிரட்டுவது மரியாதையும் அல்ல, உண்மையும் அல்ல. ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாளும், மூன்று மாத, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. நம் உதாரணம் மூன்று மாதத் தவணை. மார்ச் 12-ஐத் தவறவிட்டவருக்கு ஏப்ரல் 11 வரை நேரமிருக்கிறது. அதையே சொல்லலாம்:

“பாலிசி 4471 பிரீமியம் நாள் தாண்டிடுச்சு. 11/04 வரை கட்டலாங்க.”

இது 61 இடம். பயமுறுத்தலும் இல்லை, தேதியும் தெளிவு.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாசகத்தைப் பதிவு செய்யும் முன் உங்களிடமுள்ள மிகப் பெரிய பிரீமியத் தொகையைப் போட்டு ஒருமுறை எண்ணுங்கள். அப்படியே அதை ஒரு பெரியவரிடம் கொடுத்து, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் சட்டென்று பதில் வராவிட்டால் மாற்றி எழுதுங்கள்.