உடை மாறலாம், கோடு மாறக் கூடாது

அனிமே ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்துக்குப் புது உடை போட்டு வரைந்து பார்ப்பது இப்போது பரவலாக நடக்கிறது. பெரும்பாலான படங்களில் உடை அழகாகவே இருக்கும். ஆனாலும் ஏதோ ஒட்டாது. முகத்தை ஒருவரும் உடையை இன்னொருவரும் வரைந்தது போலத் தோன்றும். இதற்குக் கை வராததுதான் காரணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, உடையைப் பற்றி யோசித்த அளவுக்குக் கோட்டைப் பற்றி யோசிக்காததுதான் காரணம்.

ஜப்பானிய ஸ்டுடியோக்களுக்கு இது அன்றாட வேலை. 1998-இல் தொடங்கிய ‘கார்ட்கேப்டர் சகுரா’ தொடரில் கதாநாயகியின் தோழி தொமோயோ அவளுக்குப் புதுப்புது உடைகளாகத் தைத்துத் தந்துகொண்டே இருப்பாள். உடை எத்தனை மாறினாலும் பெண் அதே பெண்தான் என்பதில் பார்ப்பவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வராது. ஒரு தொடரைப் பலர் சேர்ந்து வரைவதால், பாத்திரத்தை இப்படித்தான் வரைய வேண்டும் என்று காட்டும் மாதிரித் தாள்களை ஸ்டுடியோவில் முதலிலேயே தயாரித்துவிடுவார்கள். அதற்கு ‘செத்தெய்’ என்று பெயர். புது உடை வந்தால் அதற்கும் தாள் உண்டு. எந்த இடத்தில் எத்தனை மடிப்பு, எந்தக் கோடு எதுவரை போகும் என்பதெல்லாம் அதில் தெரியும். வீட்டில் தனியாக வரைபவருக்கு அந்தத் தாள் கிடைக்காது. கையில் இருக்கும் ஒரே படத்திலிருந்து அதைத் தானே கறந்தெடுக்க வேண்டும்.

அனிமே கோடு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை சுலபமாகிவிடும். காகிதத்தில் பென்சிலால் வரைந்த கோட்டை முன்பு ‘செல்’ என்ற ஒளிபுகும் தாளுக்கு மாற்றி, பின்புறம் வண்ணம் பூசினார்கள். பிறகு கணினி வந்தது. பென்சில் கோட்டை ஸ்கேன் செய்து சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை என்று பிரித்து, கோடுகளுக்கு நடுவே வண்ணத்தை ஊற்றி நிரப்பினார்கள். எந்த முறையானாலும் நூற்றுக்கணக்கான தாள்களில் பலர் கைப்பட வரைய வேண்டிய கோடு அது. அதனால் தடிமன் அதிகம் மாறாமல், இடைவெளி விடாமல், குறைந்த எண்ணிக்கையில் கோடு போடுவது அங்கே வழக்கமாயிற்று. மங்கா என்ற சித்திரக்கதை வேறு வகை. ஜி-பென் என்ற நிப்பால் மைதொட்டு வரைவதால், அதன் கோடு அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் போகும். அனிமே முகத்துக்குக் கீழே மங்கா கோட்டில் உடை வரைந்தால் ஒட்டாமல்தான் போகும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கோட்டு சூட்டும் டையும் அணிந்த ஓர் அலுவலக இளைஞன், நேராக நின்று வலக்கையை உயர்த்தி அசைக்கிறான். முழு உருவம், உயரம் சுமார் 2000 பிக்சல். இவனுக்கு யுகாதா உடுத்த வேண்டும். கோடைத் திருவிழாக்களில் ஜப்பானியர் அணியும் மெல்லிய பருத்தி உடை அது. அனிமேவில் அடிக்கடி வரும் உடைமாற்றமும் இதுதான்.

பிரஷ்ஷைத் தொடும் முன் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, கோடுகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் படத்தில் உடலின் வெளிக்கோடு 6 பிக்சல், கோட்டின் உள்மடிப்புகள் 4, மூக்கும் வாயும் 3, மேலிமை மட்டும் 10-க்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்கள் வேறுபடும். எண்ணைவிட அவற்றுக்கு இடையிலான விகிதமே முக்கியம். கோட்டின் முனைகளையும் பாருங்கள். மடிப்புக் கோடு கூராக மெலிந்து முடிகிறதா, பாதியில் மொட்டையாக நிற்கிறதா? விளிம்பு பிக்சல்கள் சாம்பல் நிறத்தில் மென்மையாக உள்ளனவா, படிக்கட்டு போல வெட்டிக்கொண்டு நிற்கின்றனவா? பிறகு புது லேயரில், பழைய வெளிக்கோடு ஒன்றின் பக்கத்திலேயே உங்கள் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுங்கள். எது பழையது, எது புதியது என்று உங்களுக்கே குழம்பும்வரை பிரஷ்ஷின் அளவையும் அழுத்தத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகு அந்த அமைப்பில் கை வைக்கக் கூடாது.

அடுத்து, கோட்டை நீக்கியதும் அந்த இடம் வெற்றிடமாகும். நேரடியாக அதில் யுகாதா வரைந்தால் பழைய உடையின் உருவமே புது உடைக்கும் வந்துவிடும். கோட்டு சூட்டின் தோளில் உள்ளே பஞ்சுத் திணிப்பு உண்டு. அது தோளை அகலமாக, தட்டையாகக் காட்டும். யுகாதாவில் திணிப்பு கிடையாது. துணி கழுத்திலிருந்து கைவரை வழிந்து இறங்கும். ஆகவே முதலில் உடலின் உண்மையான தோள், இடுப்பு, முழங்கால் எங்கே என்று வெளிர்நிறத்தில் ஒரு ஸ்கெட்ச் போட்டு, அதன் மேல்தான் துணியைப் போர்த்த வேண்டும். தோள் சற்றுக் குறுகும், தலை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பயந்து தலையைச் சிறிதாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முகத்தின் கோடும் சேர்ந்து மெலிந்துவிடும்.

சுருக்குவதும் பெரிதாக்குவதும் இந்த வேலையில் பெரிய எதிரி. வேறொரு படத்திலிருந்து கைப்பகுதியை வெட்டி ஒட்டி, 70 விழுக்காட்டுக்குச் சுருக்கினால் 6 பிக்சல் கோடு ஏறக்குறைய 4 ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தாலே அந்தக் கை மட்டும் தனியாகத் தெரியும். அளவு மாற்ற வேண்டுமென்றால் ஸ்கெட்ச்சில் மாற்றிவிட்டு, இறுதிக் கோட்டைப் புதிதாக இழுப்பதே வழி. ஜூம் செய்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது. உடையின் நுணுக்கத்துக்காக 400 விழுக்காடு நெருங்கிப் போனால், ஒரே வீச்சில் வர வேண்டிய நீளக்கோடு நடுங்கும் சிறு துண்டுகளாக வரும். மூலப்படத்தின் நீளக்கோடுகள் ஒரே வீச்சில் வந்தவை. உருவம் முழுவதும் திரையில் தெரியும் அளவில் வைத்து, தவறினால் அழித்து, திரும்பவும் முழுக்கோடாகவே இழுக்க வேண்டும்.

தடிமன் சரியாக வந்த பிறகும் ஒட்டாத படங்கள் உண்டு. அங்கே காரணம் கோடுகளின் எண்ணிக்கை. நம் இளைஞனின் கோட்டில் மடிப்புகளை எண்ணுங்கள். முழங்கையில் இரண்டு, அக்குளில் ஒன்று, பட்டன் அருகே ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். நிஜக் கோட்டில் இருபது சுருக்கங்களாவது தெரியும். மீதியை விட்டுவிட ஓவியர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவே அவருடைய பாணி. தமிழில் பேசும் ‘ஷின்-சானை’ நினைத்துப் பாருங்கள். அவன் சட்டையில் மடிப்பு என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இருக்காது. அவனுக்கு வேட்டி கட்டிவிட்டு, பத்து கொசுவத்தையும் கோடு கோடாக வரைந்தால் அவன் ஷின்-சானாக இருக்க மாட்டான். யுகாதாவைப் புகைப்படம் பார்த்து வரைபவர்கள் இங்குதான் சறுக்குகிறார்கள். புகைப்படத்தில் தெரிவதையெல்லாம் உடைக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். உயர்த்திய கையில் சட்டைக்கை முழங்கைப் பக்கம் சரிந்து தொங்கும். அங்கே இரண்டு கோடு போதும். இடுப்பில் ‘ஒபி’ என்ற பட்டை இறுக்கும் இடத்தில் மேலே இரண்டு, கீழே ஒன்று. கால்மேல் விழும் துணியின் விளிம்புக்கு மேலிருந்து கீழாக ஒரு நீளக்கோடு.

அந்த ஒபி எங்கே வர வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்கள் அதைத் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகக் கட்டுவார்கள். பேன்ட்டின் பெல்ட் இருந்த உயரத்திலேயே வரைந்துவிட்டால் குளித்துவிட்டு அங்கி போட்டு வந்தவன் போல இருப்பான். நம் படத்தில் அவன் நேராக நிற்பது ஒரு வசதி. யுகாதா காலைச் சுற்றி வரும் குழாய் போன்றது. கால் அகட்டி ஓடும் படத்தை எடுத்தால் துணி பிளந்து பறக்க வேண்டும், பாதிப் படத்தைத் திரும்ப வரைய நேரும். எல்லா நிலையும் எல்லா உடைக்கும் பொருந்தாது. அதை முதலிலேயே பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வண்ணத்துக்கு வருவோம். தொலைக்காட்சி அனிமேவில் ஒரு பரப்புக்குப் பெரும்பாலும் இரண்டே நிறங்கள்: வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. நிழலின் எல்லையை வண்ணப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோடு பிறகு வண்ணத்தில் கரைந்துபோகும்படி செய்வார்கள். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நிழல் போட்டால் கோடு எவ்வளவு சரியாக இருந்தும் படம் கெட்டுவிடும். நிழலுக்கான நிறத்தை ஊகிக்க வேண்டாம். பழைய படத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டை கோட்டுக்கு நடுவே கொஞ்சம் தெரிந்ததல்லவா? அதன் வெள்ளையையும் நிழலையும் நிறம் உறிஞ்சும் கருவியால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருநீல யுகாதாவில் வரும் வெள்ளைக் கோலங்களுக்கு அந்த இரண்டு நிறங்களையே போடலாம். கோட்டின் கருநீலமும் அதன் நிழலும் துணிக்கு அப்படியே உதவும்.

கோலங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு வேண்டாம். துணியின் வெளிக்கோட்டோடு அது போட்டியிடும். சட்டமான கோலத்தை அப்படியே துணியின் மேல் ஒட்டினால் உடல் தட்டையாகும். 2004-இல் வந்த ‘கன்குட்சுவோ’ தொடர் வேண்டுமென்றே அப்படிச் செய்தது. அங்கே ஆள் நகர்ந்தாலும் உடையின் சித்திரம் நகராமல் நிற்கும். படம் முழுவதும் அப்படி இருந்ததால் அது ஒரு பாணி ஆயிற்று. நம் படத்தில் முகம் வேறு மாதிரி இருக்கும்போது அது எடுபடாது. மடிப்பு வரும் இடத்தில் கோலத்தை வெட்டி, சற்றுத் தள்ளி வைத்தாலே போதும்.

பழைய உடை விட்டுச்சென்ற தடயங்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். சட்டைக் காலரின் நிழல் கழுத்தில் இன்னும் இருக்கும். மணிக்கட்டில் சட்டைக்கை முடிந்த இடத்தில் அரைக்கோடு ஒன்று தொங்கும். முடி கோட்டின் மேல் விழுந்த இடத்தில் கருநீல விளிம்பு ஒட்டியிருக்கும். தாடையின் நிழல் இருக்க வேண்டும், காலரின் நிழல் போக வேண்டும்.

கடைசியாகப் படத்தை ஒரு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கண் முதலில் முகத்துக்குப் போகாமல் உடைக்குப் போனால், உடையில் கோடு அதிகம் அல்லது தடிமன் அதிகம். பிறகு இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். சாய்வுகள் அப்போதுதான் தெரியும். ‘கிரீட்டா’ என்ற இலவச மென்பொருளில் M விசையை அழுத்தினால் பார்வை மட்டும் திரும்பும், படம் அப்படியே இருக்கும். அப்படிப் பார்வையை மட்டும் திருப்புவதே பாதுகாப்பு. ஏனென்றால் யுகாதாவில் அணிபவரின் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத் துணியின் மேல் வர வேண்டும். நமக்கு எதிரே நிற்பவரின் மார்பில் அது சிறிய ‘y’ எழுத்துப் போலத் தெரியும். படத்தையே திருப்பி அப்படியே சேமித்துவிட்டால் வலப்பக்கம் மேலே வந்துவிடும். ஜப்பானில் இறந்தவர்களுக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்.

முதல் முறை முயல்பவர்கள் முழு உடையில் இறங்க வேண்டாம். ஒரு காலரை மட்டும் மாற்றிப் பாருங்கள். கழுத்தின் தோல், முடி, துணி மூன்றும் சந்திக்கும் இடம் அது. அங்கே கோடு ஒட்டிவிட்டால் மற்ற இடங்களில் ஒட்டவைப்பது கடினமில்லை.