ஐம்பது ரூபாயும் ஒரு மணி நேரமும்: கைபேசி இல்லாத மாணவன் கேமிங் சென்டருக்குப் போகும்போது

அப்பாவிடம் ஒரு பட்டன் போன் மட்டுமே இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, கணினி விளையாட்டு என்பது பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில்தான் கிடைக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் பேசிக்கொள்ளும் விளையாட்டைத் தானும் ஆடிப் பார்க்கச் சனிக்கிழமை மதியம் அங்கே போகிறான். "போகாதே" என்று நாம் சொல்லலாம். அப்போதும் போவான், நம்மிடம் சொல்லாமல் போவான், அவ்வளவுதான். பிறகு ஒருநாள், சென்டர் அண்ணனுக்கு நூற்றைம்பது ரூபாய் பாக்கி வைத்திருக்கிறான் என்று பக்கத்துப் பெஞ்சு மாணவன் மூலம் நமக்குத் தெரியவரும்.

இந்தக் கடன் எங்கே பிறக்கிறது என்று கவனித்தால், பெரும்பாலும் அது ஆசையில் பிறப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினால் ஒரு மணி நேரம் விளையாடலாம் என்ற நம்பிக்கையில் பிறக்கிறது. சொந்தக் கருவி இருப்பவனுக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை. வாடகைக்கு எடுப்பவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு.

எங்கள் ஊர் சென்டரின் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய், அரை மணிக்கு இருபத்தைந்து. ஊருக்கு ஊர் இது மாறும், ஆனால் கணக்கு மாறாது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஐம்பது ரூபாயுடன் வருகிறான். அவன் ஆட விரும்புவது வேலரன்ட். ஐந்து பேர் ஓர் அணியாகவும் ஐந்து பேர் எதிரணியாகவும் ஆடும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டு அது. (ஐரோப்பிய வயது வரையறையில் இது பதினாறு வயதுக்கு மேற்பட்டோருக்கானது. இதைப் பெற்றோரிடம் சொல்லிவைப்பது நல்லது.)

கல்லாவில் பெயர் எழுதியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிஸ்டம் திறந்து, கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து உள்ளே போக நான்கு நிமிடம். அங்கே "Update" என்று காத்திருக்கிறது. இரண்டு ஜிபி அளவு என்று வைத்துக்கொள்வோம். அந்த இருக்கைக்கு நொடிக்கு 20 மெகாபிட் வேகம் கிடைத்தால், 16,000 மெகாபிட்டை இருபதால் வகுக்க 800 நொடி, அதாவது பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பக்கத்து இருக்கைகளிலும் பதிவிறக்கம் நடந்தால் இன்னும் கூடும். பிறகு ஆட்டக்காரர்கள் சேரவும் பாத்திரம் தேர்ந்தெடுக்கவும் நான்கு நிமிடம். ஆக, இருபத்தோராவது நிமிடத்தில்தான் முதல் சுற்று தொடங்குகிறது.

முழு ஆட்டத்தில் பதின்மூன்று சுற்று முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. இழுபறியாகப் போனால் இருபத்துநான்கு சுற்றுகள் ஆகும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று நின்றால் அதற்கு மேலும் நீளும். ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஒன்றேமுக்கால் நிமிடம் என்றால், இருபத்துநான்கு சுற்றுக்கு நாற்பத்திரண்டு நிமிடம். இருபத்தொன்றும் நாற்பத்திரண்டும் அறுபத்துமூன்று. ஆட்டம் பதினொன்றுக்குப் பதினொன்று என்று நிற்கும்போது அறுபதாவது நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையும் எழுந்து போக மாட்டான். "அண்ணா, அரை மணி போடுங்க" என்பான். கட்டணம் அறுபத்தைந்து. கையில் ஐம்பது. பதினைந்து ரூபாய் கடன் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் அதைக் கழித்துவிட்டு முப்பத்தைந்து ரூபாயுடன் தொடங்குவான். அது ஒரு மணி நேரத்துக்கே போதாது.

இதே ஐம்பது ரூபாயை வேறு விதமாகவும் செலவிடலாம். பெயர் எழுதுவதற்கு முன்பு, "அண்ணா, எந்த சிஸ்டத்துல வேலரன்ட் அப்டேட் ஆயிருக்கு?" என்று கேட்பது முதல் வேலை. சில சென்டர்களில், கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் மென்பொருள் இருக்கும். வைரஸுக்கு எதிரான நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளையாட்டை அந்தப் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதியிலேயே வைத்திருந்தால், நேற்று இறங்கிய அப்டேட்டும் அழிந்து, இன்று மறுபடி இறங்கும். "இந்த சிஸ்டத்தில் மட்டும் எப்போதும் அப்டேட் கேட்கிறது" என்று பிள்ளைகள் சொல்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அப்டேட் முடிந்த பிறகு நேரத்தைத் தொடங்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு; பாதியில் சண்டை போட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது, நேரத்துக்கு ஏற்ற ஆட்ட வகை. இதே விளையாட்டில் ஸ்விஃப்ட்ப்ளே என்றொரு வகை இருக்கிறது. ஐந்து சுற்று முதலில் வென்றால் முடிந்தது. அதிகம் போனால் ஒன்பது சுற்று, சுமார் பதினாறு நிமிடம். காத்திருப்பையும் சேர்த்து இருபது. உள்ளே போக நான்கு நிமிடமும், வெளியே வர ஐந்து நிமிடமும் ஒதுக்கினால் ஐம்பத்தொன்று மிஞ்சும். அதில் இரண்டு ஆட்டங்களை முழுதாக ஆடலாம். மீதிப் பதினொரு நிமிடத்தில் மூன்றாவது ஆட்டத்தில் நுழையக் கூடாது; தனியாகக் குறிபார்த்துப் பயிற்சி செய்யலாம். செலவு நாற்பது, கையில் பத்து. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம். ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கைவிட ஆர்வமாகச் செய்வார்கள்.

பாதியில் எழுந்துபோகாமல் இருப்பது காசுக்காக மட்டுமல்ல. ஒருவன் போனால் மற்ற நால்வரும் ஐவருக்கு எதிராக ஆட வேண்டும். விட்டுப் போனவனின் கணக்கு சிறிது நேரம் அடுத்த ஆட்டத்தில் சேர முடியாது. அடிக்கடி நடந்தால் தடை நீளும். சென்டரில் அந்த நால்வரில் ஒருவன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான் என்பதால் கைகலப்பு வரைக்கும் போவதுண்டு.

அந்தக் கடைசி ஐந்து நிமிடம் எதற்கு என்று மாணவர்களுக்குப் புரிவதில்லை. நேரம் முடிந்ததும் திரை பூட்டிக்கொள்வதால், தன் கணக்கும் மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் பூட்டு மேலே மட்டும்தான். அடியில் கணக்கு திறந்தே இருக்கும். அடுத்து உட்காருபவனுக்கு நேரம் தொடங்கியதும் முந்தையவனின் கணக்கு அப்படியே கிடைக்கும். எனவே, உள்ளே நுழையும்போதே "Stay signed in" என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். முடிக்கும்போது விளையாட்டிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் தனித்தனியாக "Sign out" செய்ய வேண்டும். மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால், வேறெந்தக் கணினியிலிருந்தும் விளையாட்டுக் கணக்கின் பக்கத்துக்குப் போய் "Log out everywhere" கொடுக்கலாம். கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

கைபேசி இல்லாதவனுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதிய கணினியில் நுழைந்தால் விளையாட்டு நிறுவனம் மின்னஞ்சலுக்கு எண் அனுப்பும். மின்னஞ்சலைத் திறக்கப் போனால் கூகுள் ஒரு கைபேசியைக் கேட்கும். அப்பாவின் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்தான், ஆனால் சனிக்கிழமை மதியம் அது அப்பாவோடு வேலையிடத்தில் இருக்கும். அப்போது, "என் நம்பரைப் போடு" என்று பக்கத்தில் ஓர் அண்ணன் உதவிக்கு வருவார். அந்த நொடியிலிருந்து கணக்கின் சாவி அவரிடமும் இருக்கிறது. விளையாட்டுக் கணக்கு போனால் வருத்தத்தோடு முடிந்துவிடும். அதே மின்னஞ்சலைக் கொண்டுதான் நாளை பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பான் என்றால் விஷயம் வேறு.

இதற்குக் காகிதத்திலேயே வழி இருக்கிறது. அப்பா வீட்டில் இருக்கும் ஒரு நாளில் அவருடைய எண்ணை வைத்து இருபடிச் சரிபார்ப்பைத் தொடங்கிவிட்டு, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "Backup codes" என்பதைத் திறந்தால் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். நோட்டில் எழுதிவைத்து, பயன்படுத்தியதை அடித்துவிட வேண்டும். அதே பக்கத்தில் கடவுச்சொல்லை எழுதக் கூடாது. ஆசிரியரின் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டாம். மாணவன் பள்ளியை விட்டுப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

விளையாட்டுக்குள் வாங்கும் துப்பாக்கி அலங்காரங்களுக்காகப் பிறரிடம் ரொக்கம் கொடுத்து, அவர் யுபிஐ வழியாக வாங்கித் தருவதும் நடக்கிறது. ரசீது அவர் பெயரில் இருக்கும். பொருள் வராவிட்டால் கேட்க மாணவனிடம் எதுவும் இருக்காது.

சென்டரில் நடந்துகொள்ளும் முறையில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். ஹெட்செட்டில் பேசும்போது தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்துவார்கள். ஒரு காதைத் திறந்துவைத்தால் குரல் தானே தணியும். ஆடுபவன் பின்னால் நின்று யோசனை சொல்வது, பையை வைத்து இருக்கை பிடிப்பது, மவுஸ் வேகத்தை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் போவது, இவற்றால் வரும் சண்டைகள் சிறியவை. பெரிய இழப்பைத் தருவது ஒன்று உண்டு. சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும் என்று சொல்லி இலவசமாகக் கிடைக்கும் ஏமாற்று மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து போடுவது. வேலரன்டின் காவல் மென்பொருள் அதைக் கண்டுபிடித்தால், கணக்கோடு சேர்த்து அந்தக் கணினியையே தடைசெய்யக்கூடும். அப்புறம் அந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அந்த விளையாட்டு ஓடாது. உரிமையாளருக்கு அது தினசரி வருமானம். மாணவர்களிடம் "ஏமாற்றுவது தப்பு" என்பதைவிட இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

சட்டம் சொல்வதையும் நாம் தெரிந்துவைத்திருக்கலாம். 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளின்படி, அடையாள அட்டை காட்டாதவருக்குக் கணினி தரக் கூடாது. பள்ளி அடையாள அட்டையும் ஏற்கப்படும். புகைப்பட அட்டை இல்லாத சிறுவர், அடையாள ஆவணத்துடன் வரும் பெரியவர் ஒருவரோடுதான் வர வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் சிறுவர்களைத் தடுப்பறைக்குள் உட்காரவைக்கக் கூடாது. தடுப்புச் சுவரின் உயரமும் நான்கரை அடியைத் தாண்டக் கூடாது. யார், எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவேடு குறைந்தது ஓராண்டு வைத்திருக்கப்பட வேண்டும். எனவே, தன் அட்டையை நண்பனுக்கு இரவல் கொடுப்பவன், நண்பன் அங்கே செய்ததற்கும் தன் பெயரைக் கொடுக்கிறான். சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, திரைகள் பொது இடத்தை நோக்கி இருக்கிறதா, கட்டணம் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா, முப்பத்தைந்து நிமிடம் ஆடினால் எவ்வளவு வாங்குவார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, கையில் இருக்கும் பணத்தை முன்னதாகவே கொடுத்து, "இதுக்கு மேல போடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு உட்காருவது நல்லது.