பதினான்கு ஆசிரியர்களிடம் என்ன கேட்பது?

எம்.எட். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்ததும் பலர் முதலில் தயாரிப்பது வினாப்பட்டியல். "சக ஆசிரியர்களுடன் சேர்ந்து பாடம் திட்டமிடுகிறேன்" என்று ஒரு வாக்கியம். எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள். ஒரே பள்ளியில் ஆசிரியர்களின் ஒத்துழைப்பை ஆராயப் போகிறவருக்கு இது கைகொடுக்காது என்பேன்.

பதினான்கு ஆசிரியர்கள் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் கூடினால் ஒத்துழைப்பும் கூடுமா என்று கணக்கிட்டால் ஒட்டுறவுக் கெழு 0.4 வருகிறது. நல்ல எண்தான். ஆனால் 14 பேரிடமிருந்து கிடைத்த 0.4-க்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.17 முதல் 0.77 வரை நீள்கிறது. தொடர்பு வலுவாக இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும், "கணிதம், பெண், 20 ஆண்டு அனுபவம்" என்றால் யாரென்று பள்ளிக்கே தெரியும். அந்தப் பயத்தில் எல்லோரும் 'உடன்படுகிறேன்' என்றே குறித்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த வாக்கியம் ஆளுக்கொரு பொருள் தருவது. அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் வாரன் லிட்டில் 1990-இல் ஆசிரியர் உறவுகளை நான்காகப் பிரித்தார்: வகுப்பு அனுபவங்களைப் பேசிக்கொள்வது, கேட்டால் உதவுவது, பாடப்பொருள்களைப் பகிர்வது, பொறுப்பேற்று ஒன்றாக வேலை செய்வது. வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும், பின்னப் பாடத்தை இருவராக உட்கார்ந்து மாற்றி எழுதியவரும் ஒரே கட்டத்தைத்தான் குறிப்பார்கள்.

அதனால் இங்கே பண்புசார் ஆய்வே பொருத்தம். அனுபவமும் பாடமும் வேறுபடும் ஆறு பேரிடம் தலா நாற்பது நிமிடம் பேசலாம். பாட ஆசிரியர் கூட்டங்கள் இரண்டில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அதன் பிறகு பாடக்குறிப்பேட்டில் ஏதாவது மாறியதா என்று ஒப்பிடலாம். "ஒத்துழைக்கிறீர்களா?" என்பதற்குப் பதிலாக, "கடைசியாக யாரோடு சேர்ந்து பாடம் தயாரித்தீர்கள்? அன்று என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். பதிலில் ஒரு நாளோ, ஒரு பாடமோ, ஒரு கருத்து வேறுபாடோ இல்லாமல் "நாங்க ஒரே குடும்பம் மாதிரி சார்" என்பது மட்டும் வந்தால், இன்னும் கேட்கவேண்டியது பாக்கி. யாரைச் சந்திப்பது என்பதைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிடவும் கூடாது. கூடிப் பழகுகிறவர்களையே அவர் காட்டக்கூடும், ஒதுங்கி இருப்பவரின் கதை கிடைக்காமல் போகும்.

இந்த முறையிலும் எண்ணலாம்: "14 பேரில் 3 பேர் இந்தப் பருவத்தில் ஒருமுறையாவது சேர்ந்து திட்டமிட்டனர்" என்று எழுதலாம். ஒரே ஆள் ஏழு விழுக்காடாகிவிடும் இடத்தில் விழுக்காடு வேண்டாம். மாவட்டம் முழுக்க எத்தனை ஆசிரியர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்பது கேள்வியானால், சில நூறு பேரிடம் வினாப்பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு பேரின் பேச்சு அதற்குப் போதாது. ஆனால் அந்தப் பட்டியலில் எந்த வாக்கியங்கள் இடம்பெற வேண்டும் என்பதை அந்த ஆறு பேரின் பேச்சிலிருந்து எடுக்கலாம்.