கல் சரிவது அடியிலிருந்து

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டியபின், வடக்கே போகும் மணல் தடைபட்டது. கடற்கரை கரைந்தது, கருங்கல் கொட்டித்தான் நகரைக் காத்தார்கள். அத்தகைய கற்கள் மேலிருந்து அலை அடித்துச் சரிவதைவிட, அடியில் மணல் போய்ச் சரிவதே அதிகம்.

சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடியைத் தோண்டுகிறது. பள்ளம் ஏறக்குறைய அலையின் உயரத்துக்கு ஆழமாகலாம் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதாவது 2 மீட்டர் அலைக்கு 2 மீட்டர் பள்ளம். புயல் ஓய்ந்ததும் மணல் வந்து மூடிவிடும். மறுநாள் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

இன்னொன்று மணலுக்குள்ளேயே நடக்கிறது. அலை முகடு கடந்து பள்ளம் வரும்போது மேலே நீரழுத்தம் சட்டென்று குறைகிறது. மணல் இடுக்கில் சிக்கிய நீரின் அழுத்தமோ, அதில் நுண்குமிழிகள் இருப்பதால், தாமதமாகவே குறைகிறது. அந்தச் சில நொடிகள் நீர் மேல்நோக்கித் தள்ளும். மணல் பிடிப்பிழந்து கல்லிடுக்கு வழியே வெளியேறும்.

அதனால்தான் கல்லுக்கடியில் நீரை விட்டு மணலைப் பிடிக்கும் வடிதுணி விரிக்கிறார்கள். காலடிக் கற்களை எதிர்பார்க்கும் பள்ளத்துக்கும் கீழே புதைக்கிறார்கள். முடியாவிட்டால், பள்ளம் விழுந்ததும் தானே சரிந்து அதை மூடும்படி கூடுதல் கல்லை முன்னால் பரப்பிவைக்கிறார்கள்.