கடையில் பொருந்திய நூல் தெருவில் நிறம் மாறுவது ஏன்?

அரக்கு நிற ரவிக்கைத் துணிக்கு டெய்லர் நூல்கண்டை வைத்துப் பார்க்கிறார். கச்சிதம். தைத்து முடித்து வாசலுக்குக் கொண்டுவந்தால் தையல் மட்டும் பழுப்படிக்கிறது. நூலா மாறியது? இல்லை, வெளிச்சம்தான்.

கல்லாவில் இல்லாத சில்லறையைக் கடைக்காரர் தர முடியுமா? நூலும் அப்படித்தான். விளக்கு தந்த நிறங்களில் சிலவற்றை விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்பும். துணிச் சாயமும் நூல் சாயமும் வேறு வேறு. வித்தியாசம் அடர்சிவப்பில் இருந்து, விளக்கில் அந்தச் சிவப்பே குறைவாக இருந்தால், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சாதாரண எல்.இ.டி.யில் நீல ஒளிமேல் மஞ்சள் பூச்சு, அடர்சிவப்பு கம்மி. அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். வீட்டு விளக்குகளில் பெரும்பாலும் 80. உங்களுக்கு 90க்கு மேல் வேண்டும். அந்த எண்ணிலும் ஒரு ஓட்டை: அது வெளிர்நிறங்களை வைத்துப் போடும் சராசரி. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி மதிப்பெண் உண்டு. 50க்கு மேல் கேளுங்கள்.

வெளிச்சத்தின் சாயல் 5000 முதல் 6500 கெல்வினுக்குள், பகலைப் போல இருக்கட்டும். மஞ்சள் பல்பு துணிக்கடை அழகுக்குச் சரி, நூல் பார்க்க ஆகாது.

வெளிச்சம் மங்கினால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். நூல் பார்க்கும் மேசையில் 1000 லக்ஸ் விழட்டும். கூரை விளக்கு மட்டும் அதற்குப் போதாது. மேசைக்கு மேலே ஒரு பட்டை விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள்.

வாங்குமுன், அந்த ஏமாற்றிய நூலையும் துணியையும் விளக்குக் கடைக்கே எடுத்துப் போங்கள். வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும் விளக்கை வாங்குங்கள்.