தட்டினால் துள்ளும், அழுத்தினால் அசையாது

காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே டாக்டர் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். கால் தானாக முன்னே துள்ளும். அதே இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கால் சும்மாதான் இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், முதுகுத்தண்டுக்குள் இருக்கும் ஒரு நியூரான் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதில் போய் நிற்போம்.

சில்லுக்குக் கீழே இருப்பது ஒரு தசைநாண். அதைத் தட்டும்போது தொடையின் முன்பக்கத் தசை ஒரு கணம் இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் உணர்விகள் அதை உடனே அறிந்து, தனித்தனி நரம்பிழைகள் வழியாகத் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அங்கே அந்தத் தசையை இயக்கும் நியூரான்கள் காத்திருக்கின்றன. மூளையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. சேதி வந்து சேரும் இழைக்கும், அதைக் கேட்கும் நியூரானுக்கும் நடுவே ஒரே ஒரு சந்திப்புதான். சினாப்ஸ் என்பது அதுதான்.

இந்த நியூரானுக்கு மரக்கிளைகள்போல நாலாபக்கமும் பரந்த டென்ட்ரைட்டுகள் உண்டு. பல்லாயிரம் சினாப்ஸ்கள் அவற்றின் மேலும் செல்லின் உடல் மேலும் ஒட்டியிருக்கின்றன. செல்லுடலிலிருந்து தசையை நோக்கி நீளும் ஒற்றை இழை ஆக்ஸான். அது புறப்படும் இடத்தில் செல்லுடல் சிறிய மேடுபோல் குவிந்திருக்கும். அதை ஆக்ஸான் மேடு என்கிறோம்.

இனி எண்களைப் பார்ப்போம். இவை பூனையின் கெண்டைக்கால் தசையை இயக்கும் நியூரான்களில் அளந்தவை, அல்லது அவற்றை ஒட்டிய முழு எண்கள். ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. அது 10 மில்லிவோல்ட் அளவு மேலே ஏறினால் நியூரான் வெடிக்கும், அதாவது ஆக்ஸான் வழியே ஒரு மின்துடிப்பு ஓடும். ஆனால் தசையிலிருந்து வரும் ஓர் இழை ஒருமுறை சேதி சொன்னால் ஏறுவது 0.1 அல்லது 0.2 மில்லிவோல்ட்தான். தனி இழையின் குரல் எடுபடவே எடுபடாது.

அந்தத் தசையிலிருந்து இப்படி ஏறக்குறைய 60 இழைகள் வருகின்றன. லோர்ன் மெண்டலும் எல்வுட் ஹென்னமனும் 1971-ல் காட்டியதுபோல, ஒவ்வோர் இழையும் அந்தத் தசைக்குரிய சுமார் 300 நியூரான்களில் அநேகமாக எல்லாவற்றோடும் தொடர்பு வைத்திருக்கிறது. ஆக, ஒரு நியூரானின் வெவ்வேறு கிளைகளில் 60 இழைகளும் ஒரே நேரத்தில் தலா 0.2 சேர்த்தால் 12 மில்லிவோல்ட். எல்லை 10, நியூரான் வெடித்துவிடும். வெவ்வேறு இடங்களில் விழுந்ததைச் சேர்ப்பதால் இதை இடக்கூட்டல் என்கிறார்கள்.

சுத்தியல் தட்டு செய்வது இதைத்தான். எல்லா இழைகளையும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் பேச வைக்கிறது.

மெல்ல அழுத்தும்போது? நியூரான் ஓர் ஓட்டைக் குடம். ஏறிய வோல்ட் அதன் சவ்வு வழியே கசிந்துகொண்டே இருக்கும். சுமார் 5 மில்லிசெகண்டில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எளிமைக்காக, அதே 60 இழைகளும் மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வரிசையில் வந்து, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் பேசுவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது தந்தது வடிவதற்குள் இரண்டாவது வந்து அதன்மேல் ஏறும், மூன்றாவது அதன்மேல். இது காலக்கூட்டல். ஆனால் வரவும் கசிவும் சீக்கிரமே சரிக்குச் சரியாகிவிடும். கணக்குப் போட்டால் 1 மில்லிவோல்ட்டைக் கொஞ்சம் தாண்டியதும் ஏற்றம் நின்றுவிடுகிறது. அதே 60 இழைகள், அதே அளவு சேதி, ஆனால் 12-க்குப் பதில் 1. போதாக்குறைக்கு, வோல்ட் மெதுவாக ஏறினால் துடிப்பை எழுப்ப வேண்டிய சோடியம் வாயில்களில் ஒரு பகுதி அதற்குள் பூட்டிக்கொள்கிறது. எல்லையே சற்று மேலே நகர்ந்துவிடும்.

கூட்டல் என்று சொன்னாலும் அது பள்ளிக்கூடக் கூட்டல் அல்ல. ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்தில் விழும் இரு சேதிகள், தனித்தனிக் கிளைகளில் விழும் இரண்டைவிடக் குறைவாகவே சேரும். முதலாவது அங்கே வோல்ட்டை உயர்த்திவிட்டதால் இரண்டாவதுக்குத் தள்ள இடம் குறைவு. கிளையின் நுனியில் விழுந்தது செல்லுடலை எட்டுமுன் வழியிலேயே தேய்ந்தும் போகும்.

கழித்தலும் உண்டு. தொடையின் பின்பக்கத் தசை இழுபட்டால், அதன் சேதி இடையில் ஒரு சிறு நியூரானைக் கடந்து வந்து முன்பக்கத் தசையின் நியூரானை அடக்கும். அது 3 மில்லிவோல்ட் இறக்கினால் 12 என்பது 9 ஆகிவிடும், கால் அசையாது. இந்த அடக்கும் சினாப்ஸ்கள் பெரும்பாலும் செல்லுடலுக்கு அருகில், ஆக்ஸானுக்குப் போகும் வழியை மறித்தாற்போல உட்கார்ந்திருக்கின்றன. அவை வோல்ட்டை இறக்குவதோடு குடத்தில் புது ஓட்டையும் போடுகின்றன.

இந்த இறக்கத்தை முதலில் கண்ணால் பார்த்தது நியூசிலாந்தின் டனீடன் நகரில். 1951-ல் ஜான் எக்கிள்ஸும் அவருடைய சகாக்களும் பூனையின் தண்டுவட நியூரானுக்குள்ளேயே மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி அளந்தார்கள். சினாப்ஸில் நடப்பது நேரடி மின்பாய்ச்சல், ரசாயனம் அல்ல என்று எக்கிள்ஸ் பல வருஷங்களாக வாதாடி வந்தவர். அவர் கருத்து சரியாக இருந்திருந்தால், அடக்கும் சேதி வரும்போது கோடு மேலே போயிருக்க வேண்டும். கோடு கீழே போனது. தன் கொள்கையைத் தானே பொய்ப்பித்து, அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1963-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானிகள் இவ்வளவு சுத்தமாகத் தோல்வியை ஒப்புக்கொள்வது அபூர்வம் என்பது என் எண்ணம்.

இங்கே அடக்கும் ரசாயனம் கிளைசின். நம் ஊர் எட்டி மரத்துக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு, கிளைசின் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். கழித்தல் நின்று கூட்டல் மட்டும் மிஞ்சும். அதனால்தான் எட்டி விஷம் ஏறியவருக்கு ஒரு சிறு சத்தம், ஒரு தொடுதல்கூட உடம்பை வில்லாக வளைக்கும் வலிப்பைக் கிளப்பிவிடுகிறது.

கடைசியாக, முடிவு எடுப்பது யார்? ஆக்ஸான் மேடு என்றே பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அது பாதி உண்மை. 1957-ல் எக்கிள்ஸ் குழு துடிப்பின் ஏறுமுகத்தில் ஒரு சிறு மடிப்பைக் கவனித்தது. முதலில் ஆக்ஸானின் தொடக்கப் பகுதி வெடிக்கிறது, பிறகுதான் செல்லுடல். தொடக்கப் பகுதிக்கு 10 மில்லிவோல்ட் ஏற்றம் போதும். செல்லுடலுக்கு அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டும். 1994-ல் கிரெக் ஸ்டூவர்ட்டும் பெர்ட் ஸக்மனும் எலி மூளையின் நியூரான்களில் ஒரே செல்லைப் பல இடங்களில் அளந்தார்கள். அங்கேயும் துடிப்பு ஆக்ஸானில் பிறந்து, பிறகு டென்ட்ரைட்டுகளுக்குள் பின்னோக்கி ஓடியது. துடிப்பு பிறக்கும் இடம் மேட்டைத் தாண்டி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தள்ளி இருக்கிறது. சோடியம் வாயில்கள் அங்கே மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று திறந்தால் ஏறும் வோல்ட் பக்கத்தில் இருப்பதைத் திறக்கும், அது அடுத்ததை. 10-ஐத் தாண்டிய பிறகு திரும்பும் வழி இல்லை. 9 வரை வந்து கசிந்துபோனால் தசைக்கு எதுவும் தெரியாது. ஆகவே அங்கே எந்த நீதிபதியும் உட்கார்ந்திருக்கவில்லை. கரையில் மிகத் தாழ்ந்த இடம் எதுவோ, அங்கேதான் முதலில் உடைகிறது.

சிலருக்கு எத்தனை தட்டு தட்டினாலும் கால் லேசாகத்தான் அசையும். அப்போது டாக்டர் இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிரே இழுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி தட்டுவார். ஹங்கேரி மருத்துவர் யென்ட்ராஷிக் 19-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த வழி இது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்: ஒருவர் விரல்களைக் கோத்து இழுக்கட்டும், மற்றவர் உள்ளங்கை ஓரத்தால் சில்லுக்குக் கீழே மென்மையாகத் தட்டட்டும். எதிரே கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.